மூடுபனியும் டம்பரும்: மலையகக் கட்டடமொன்றில் எகொனமைசர் எப்படி முடிவெடுக்கிறது

நுவரெலியாவில் மாலை ஆறு மணிக்கு வெளியே நடப்பவர்கள் கம்பளிச் சட்டையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள். அதே நேரத்தில், அதே ஊரில், நூற்றைம்பது பேர் கூடியிருக்கும் மண்டபமொன்றில் விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் மனித உடல்களும் வெளிவிடும் சூட்டைத் தணிப்பதற்காகக் குளிரூட்டும் இயந்திரம் மின்சாரத்தைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. வெளியே இவ்வளவு குளிர் இலவசமாகக் கிடக்கும்போது உள்ளே ஏன் குளிரைத் தயாரிக்க வேண்டும் என்ற கேள்வி யாருக்கும் எழும். அந்தக் கேள்விக்குக் கட்டடப் பொறியியல் தரும் விடைதான், வெளியே குளிராக இருக்கும் வேளையில் அந்தக் காற்றையே உள்ளே எடுத்துக் குளிரூட்டும் எகொனமைசர் என்ற அமைப்பு. ஆனால் நமது மலையகத்தில் அந்த விடைக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்குள்ள காற்று குளிராக இருக்கும் வேளைகளிற் பெரும்பாலும் ஈரமாகவும் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தச் சிக்கலைப் பற்றியது.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். பெரிய கட்டடங்களில் காற்றைக் குளிராக்கி அனுப்பும் பெட்டியை ஏஎச்யூ என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். அது ஓர் அறையளவு நீளமான தகரப் பெட்டி. அதன் ஒரு முனையில் இரண்டு வாய்கள் இருக்கின்றன. ஒன்று கட்டடத்தின் வெளிச்சுவரை நோக்கித் திறந்து வெளிக்காற்றை எடுக்கிறது. மற்றது மண்டபத்திலிருந்து திரும்பி வரும் காற்றை எடுக்கிறது. இரண்டும் ஓர் அறைக்குள் வந்து கலக்கின்றன. கலந்த காற்று தூசியைப் பிடிக்கும் வடியைத் தாண்டி, குளிர்நீர் ஓடும் கொயிலைத் தாண்டி, விசிறியால் மண்டபத்துக்குத் தள்ளப்படுகிறது.

இரண்டு வாய்களிலும் டம்பர் எனப்படும் தகடுகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். சாளரத்தில் உள்ள சாய்வுப் பலகைகளைப் போல அவை ஒன்றாகத் திரும்பி வழியைத் திறக்கும் அல்லது மூடும். ஒரு சிறிய மோட்டர் அவற்றின் அச்சைத் திருப்புகிறது. வெளிக்காற்று டம்பர் திறக்கத் திறக்க, திரும்பு காற்று டம்பர் அதே அளவுக்கு மூட வேண்டும். ஒன்றுக்கொன்று எதிராக இயங்கும் இந்த இரண்டு டம்பர்களின் நிலைதான் எந்தக் காற்று எவ்வளவு கலக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. மூன்றாவதாக, உள்ளே வந்த வெளிக்காற்றுக்கு ஈடான அளவு பழைய காற்றை வெளியே விடும் டம்பர் ஒன்றும் இருக்கும். அது வெளிக்காற்று டம்பருடன் சேர்ந்து திறக்கிறது.

தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதியதல்ல. கொழுந்து வாட்டும் மாடியில் நீண்ட தொட்டிகளின் தலைமாட்டில் விசிறி ஒன்று இருக்கும். அதற்கு முன்னால் ஒரு கலவை அறை. அதில் வெளிக்காற்றுக்கு ஒரு கதவு, உலர்த்தியிலிருந்து வரும் சூடான காற்றுக்கு ஒரு கதவு. மழை நாளில் வெளிக்காற்றில் மட்டும் கொழுந்து வாடாது என்பதால் சூட்டுக் கதவைச் சற்றுத் திறக்கிறார்கள். எவ்வளவு திறப்பது என்பதைத் தீர்மானிப்பதற்கு அங்கே குமிழில் ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பமானியும் துணி சுற்றாத உலர்குமிழ் வெப்பமானியும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. அந்த இரண்டு வெப்பமானிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையின் நடுவில் அவை மீண்டும் தேவைப்படும்.

கலவையின் கணக்கு எளிது. வெளிக்காற்றின் பங்கும் திரும்பு காற்றின் பங்கும் தெரிந்தால், கலவையின் வெப்பநிலை அந்தப் பங்குகளின்படி இரண்டுக்கும் இடையில் அமையும். இதையே திருப்பிப் போட்டால், மூன்று வெப்பநிலைகளை அளந்து வெளிக்காற்றின் பங்கைக் கண்டுபிடிக்கலாம்.

```
வெளிக்காற்றின் பங்கு = (திரும்பு − கலவை) ÷ (திரும்பு − வெளி)
```

திரும்பு காற்று 24 பாகை, வெளிக்காற்று 16 பாகை, கலவை 22 பாகை என்று வைத்துக்கொள்வோம். 24 இலிருந்து 22 ஐக் கழித்தால் 2. 24 இலிருந்து 16 ஐக் கழித்தால் 8. இரண்டை எட்டால் வகுத்தால் கால் பங்கு. அதாவது விசிறி தள்ளும் காற்றில் 25 வீதம் வெளியிலிருந்து வந்தது. இந்தச் சிறு வாய்பாட்டை நான் இத்தொழிலில் வேறெதையும் விட அதிகமாகப் பயன்படுத்தியிருக்கிறேன். அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனிக் கட்டுப்பாட்டுக்கு வருவோம். நாம் எடுத்துக்கொண்ட மண்டபத்துக்குச் செல்லும் காற்று 14 பாகையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விசிறியும் அதன் மோட்டரும் காற்றை ஏறக்குறைய ஒரு பாகை சூடாக்கிவிடும் என்பதால், விசிறிக்கு முன்னால் 13 பாகை தேவை. மண்டபத்தில் ஆட்கள் இருக்கும்வரை சுவாசத்துக்குத் தேவையான வெளிக்காற்று எந்த நிலையிலும் வந்துகொண்டேயிருக்க வேண்டும். நமது மண்டபத்தில் அது 25 வீதம். ஆகவே வெளிக்காற்று டம்பர் இந்தக் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே ஒருபோதும் மூடாது. மேலே நூறு வீதம் வரை திறக்கலாம். இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையிலுள்ள தூரமே எகொனமைசரின் விளையாட்டுத் திடல்.

இரவு ஒன்பது மணிக்கு வெளியே 10 பாகை என்றால் என்ன நடக்கும்? 13 பாகைக் கலவை வேண்டும். 24 இலிருந்து 13 ஐக் கழித்தால் 11, 24 இலிருந்து 10 ஐக் கழித்தால் 14. பதினொன்றைப் பதினான்கால் வகுத்தால் ஏறக்குறைய 79 வீதம். கட்டுப்படுத்தி வழங்கு காற்றின் வெப்பநிலையைப் பார்த்துப் பார்த்து டம்பரை நகர்த்தி, காற்றின் பங்கு இந்த அளவில் வந்து நிற்கும்வரை சரிசெய்கிறது. குளிர்நீர் வால்வு முற்றாக மூடியிருக்கிறது. நீரைக் குளிராக்கும் இயந்திரம் ஓடத் தேவையில்லை. தை மாதத்துப் பனிக்காலத்தில் வெளியே 5 பாகைக்கு இறங்கினால், அதே கணக்கில் 58 வீதம் போதும். வெளியே குளிர் கூடக் கூட டம்பர் மூடிக்கொண்டு வருகிறது என்பதைக் கவனியுங்கள். குளிர் அதிகமானால் அதிகம் திறக்கும் என்று முதன்முறை கேட்பவர்கள் பலர் எதிர்பார்க்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறானது.

வெளியே 13 பாகையைத் தாண்டிவிட்டால், நூறு வீதம் திறந்தாலும் வெளிக்காற்றால் மட்டும் வேலை முடியாது. இந்த இடத்தில் பழைய கட்டுப்பாடுகள் சில, டம்பரைக் குறைந்தபட்ச நிலைக்கு மூடிவிட்டு வேலை முழுவதையும் குளிர்நீரிடம் ஒப்படைத்துவிடும். அது வீண். சரியான முறையில் டம்பர் முழுவதும் திறந்தபடியே இருக்க, மிச்சத்தை மட்டும் குளிர்நீர் வால்வு செய்கிறது. கட்டுப்படுத்தியின் கட்டளை பூச்சியத்திலிருந்து நூறு வரை ஓடுகிறது என்றால், முதற் பாதியில் டம்பர் குறைந்தபட்சத்திலிருந்து முழுமைக்குத் திறக்கிறது. டம்பர் திறந்து முடிந்த பின்னரே இரண்டாம் பாதியில் வால்வு திறக்கத் தொடங்குகிறது. இரண்டும் ஒரே கட்டளையின் அடுத்தடுத்த படிகள் என்பதால் ஒன்றோடொன்று சண்டையிடுவதில்லை.

வெளியே 16 பாகை இருக்கும் ஒரு மாலையை எடுத்துக்கொள்வோம். டம்பர் குறைந்தபட்சத்தில் இருந்தால் கலவை 22 பாகை. கொயில் அதை 13 வரை, அதாவது 9 பாகை இறக்க வேண்டும். டம்பர் முழுவதும் திறந்திருந்தால் கொயிலுக்கு வருவது 16 பாகைக் காற்று. 3 பாகை இறக்கினால் போதும். ஒன்பதுக்குப் பதில் மூன்று. மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் என்று மனம் உடனே கணக்குப் போடுகிறது. வெப்பமானியை மட்டும் பார்க்கும் எவரும் அப்படித்தான் சொல்வார்கள். மலையகத்தில் இந்தக் கணக்கு தவறிப்போகிறது.

காரணம் நீராவி. கொயில் காற்றைக் குளிர்விக்கும்போது அதிலுள்ள நீராவியின் ஒரு பகுதி கொயிலின் மேல் நீராகப் படிந்து, அடியிலுள்ள தட்டில் வழிகிறது. அப்படிப் படியும் ஒவ்வொரு கிராம் நீரும் ஏறக்குறைய இரண்டரைக் கிலோஜூல் வெப்பத்தைக் கொயிலிடம் கொடுத்துவிட்டுத்தான் நீராகிறது. ஒரு கிலோ காற்றை ஒரு பாகை குளிர்விக்க ஏறக்குறைய ஒரு கிலோஜூல்தான் செலவு. ஆகவே ஒரு கிராம் நீரை எடுப்பது இரண்டரைப் பாகை குளிர்விப்பதற்குச் சமம். வெப்பமானிக்கு இந்தச் செலவு தெரியாது. காற்றிலுள்ள சூட்டையும் நீராவியில் மறைந்திருக்கும் வெப்பத்தையும் சேர்த்துச் சொல்லும் அளவை என்தல்பி என்பார்கள். இக்கட்டுரையில் அதை மொத்த வெப்பம் என்றே சொல்கிறேன். கொயிலின் உண்மையான வேலை, உள்ளே வரும் காற்றின் மொத்த வெப்பத்துக்கும் வெளியேறும் காற்றின் மொத்த வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம்.

நமது மண்டபத்திலிருந்து திரும்பும் காற்று 24 பாகையும் 50 வீத ஈரப்பதனும் கொண்டது என்று கொள்வோம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 81 கிலோபாஸ்கல். அந்த அழுத்தத்தில் இந்தத் திரும்பு காற்றின் மொத்த வெப்பம் ஒரு கிலோவுக்கு 54 கிலோஜூல். நமது விசிறி விநாடிக்கு மூன்று கன மீற்றர் காற்றைத் தள்ளுகிறது. மெலிந்த மலைக்காற்றில் அது 2.9 கிலோதான்.

இப்போது மூன்று வெவ்வேறு நாட்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, மேலே சொன்ன 16 பாகை மாலை. ஈரப்பதன் 90 வீதம். வெளிக்காற்றின் மொத்த வெப்பம் 49 கிலோஜூலுக்குச் சற்றுக் குறைவு. திரும்பு காற்றின் 54 ஐ விடக் குறைவுதான். ஆகவே திறப்பது சரி. ஆனால் கொயிலின் சுமையைக் கணக்கிட்டால், குறைந்தபட்ச நிலையில் 33 கிலோவாற்று, முழுவதும் திறந்த நிலையில் 21 கிலோவாற்று. மிச்சம் மூன்றில் ஒரு பங்கு. வெப்பமானி வாக்களித்த மூன்றில் இரண்டு பங்கின் பாதிதான் கைக்கு வருகிறது. மற்றப் பாதி, ஈரமான வெளிக்காற்றிலிருந்து நீரைப் பிழிவதில் போய்விட்டது.

இரண்டாவது, மாசி மாதத்து வெயில் நாளொன்றின் நண்பகல். வெளியே 20 பாகை, ஈரப்பதன் 55 வீதம். முதல் நாளை விட நான்கு பாகை சூடு. ஆனாலும் மொத்த வெப்பம் 46 கிலோஜூல்தான். டம்பரை முழுவதும் திறந்தால் கொயிலின் சுமை 31 கிலோவாற்றிலிருந்து 21 ஆக இறங்குகிறது. கொயிலில் நீர் படிவதே இல்லை.

மூன்றாவது, ஆனி மாதத்துத் தென்மேல் பருவக்காற்றில் மேகம் தரையைத் தொட்டு நிற்கும் பிற்பகல். வெளியே 18 பாகை, ஈரப்பதன் 95 வீதம். மாசி நாளை விட இரண்டு பாகை குளிர். மண்டபத்தை விட ஆறு பாகை குளிர். வெப்பமானியை மட்டும் ஒப்பிடும் கட்டுப்படுத்தி, கொயிலின் சுமை 28 கிலோவாற்றிலிருந்து 15 ஆகப் பாதியாகும் என்ற எண்ணத்தில் தயங்காமல் டம்பரை முழுவதும் திறந்துவிடும். உண்மையில் அந்தக் காற்றின் மொத்த வெப்பம் 57 கிலோஜூல்; திரும்பு காற்றை விட அதிகம். குறைந்தபட்ச நிலையில் 39 கிலோவாற்றாக இருந்திருக்க வேண்டிய சுமை, திறந்ததால் 47 ஆகக் கூடுகிறது. மிச்சம் பிடிக்க வைத்த கருவி செலவைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. அதைவிட, அவ்வளவு நீரை எடுக்கக் கொயிலுக்குத் திறன் போதாமற் போனால் மண்டபமும் பிசுபிசுக்கத் தொடங்கும்.

சூடான நாளில் திறக்க வேண்டும், குளிரான நாளில் மூட வேண்டும் என்ற இந்த முடிவைத்தான் மலையகத்தில் எகொனமைசரை அமைப்பவர் முதலில் உள்வாங்க வேண்டும். சமவெளியிலும் வரண்ட நாடுகளிலும் எழுதப்பட்ட குறிப்புகளை அப்படியே எடுத்து இங்கே பொருத்தினால், ஆண்டின் மிக ஈரமான மாதங்களில்தான் டம்பர் மிக அதிகமாகத் திறந்திருக்கும்.

தேயிலைத் தொழிற்சாலையின் இரண்டு வெப்பமானிகளுக்கு இங்கே திரும்பி வரலாம். மொத்த வெப்பம் என்ற சொல்லைக் கேட்டுத் தயங்குபவர்களுக்கு ஈரக்குமிழ் வெப்பமானி நல்ல துணை. ஈரக்குமிழின் அளவும் காற்றின் மொத்த வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன. நமது திரும்பு காற்றின் ஈரக்குமிழ் 16.5 பாகை. மாசி நாளின் வெளிக்காற்றில் அது 14. ஆனி நாளில் 17.5. வெளியே உள்ள ஈரக்குமிழ் உள்ளே உள்ளதை விடக் குறைவென்றால் திற, அதிகமென்றால் மூடு. கணக்கு முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. என் மாமா ஒருவர் பல ஆண்டுகள் தேயிலைத் தொழிற்சாலையில் ரீமேக்கராக இருந்தவர். இந்த மூன்று நாட்களின் கணக்கை அவரிடம் காட்டியபோது ஒரு நிமிடம்கூட எடுக்காமல், "மூடுபனியில ரெண்டு தெர்மோமீட்டரும் ஒன்னாதானே நிக்கும் தம்பி, அந்தக் காத்துல ஒரு பிரயோசனமும் இல்லையே" என்றார். கொழுந்தை வாட்ட உதவாத காற்று கொயிலுக்கும் சுமைதான். அவர் நாற்பது ஆண்டுகள் பார்த்த அதே நீராவியைத்தான் நாங்கள் கிலோஜூலில் எழுதுகிறோம்.

இதைக் கட்டுப்படுத்திக்குள் எழுதுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெளியிலும் திரும்பு காற்றிலும் வெப்பநிலை உணரியோடு ஈரப்பதன் உணரியும் வைத்து, இரண்டின் மொத்த வெப்பத்தையும் ஒப்பிடுவது. வெளிக்காற்று தாழ்ந்திருந்தால் எகொனமைசருக்கு அனுமதி. உயர்ந்தால் டம்பர் குறைந்தபட்சத்துக்குப் போய்விடும். அனுமதி கொடுக்கும் எல்லைக்கும் மறுக்கும் எல்லைக்கும் இடையில் ஒன்றிரண்டு கிலோஜூல் இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் மேகம் வந்து வந்து போகும் பிற்பகலில் டம்பர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து மூடி, மோட்டரைத் தேய்த்துவிடும்.

மற்ற வழி, ஈரப்பதனை அளக்காமலே ஒரு நிலையான வெப்பநிலை எல்லையை வைப்பது. நமது மண்டபத்துக்கு அந்த எல்லை எங்கே அமையும் என்பதைக் கணக்கிடலாம். 16 பாகையில் முற்றாக ஈரம் நிறைந்த காற்றின் மொத்த வெப்பம் 52 கிலோஜூல்; திரும்பு காற்றை விடக் குறைவு. 17 பாகையில் அது 56 ஆகி எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஆகவே வெளியே 16 பாகைக்குக் கீழே என்றால், மூடுபனி எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் கவலையில்லாமல் திறக்கலாம். எல்லையை 16 இல் வைத்தால் மாசி மாதத்து நண்பகல்களின் இலாபம் கைவிட்டுப் போகும். ஆனால் நட்டம் ஒருபோதும் வராது.

எதைத் தேர்வது என்று கேட்டால், கட்டடத்தைப் பராமரிப்பவர் யார் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஈரப்பதன் உணரி மென்மையான கருவி. மாதக்கணக்காக மூடுபனியில் நனைந்து கிடந்தால் அது மெல்ல மெல்லப் பொய் சொல்லத் தொடங்குகிறது. உயர்வாகப் பொய் சொன்னால் எகொனமைசருக்கு அனுமதியே கிடைக்காது. தாழ்வாகச் சொன்னால் மூன்றாவது நாளின் தவறு நடக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைச் சரிபார்க்க ஆளிருக்கும் இடத்தில் மொத்த வெப்ப ஒப்பீடு சிறந்தது. அப்படி ஆளில்லாத இடத்தில் 16 பாகை என்ற எளிய எல்லையை வைத்துவிட்டு வருவதே நேர்மையான வேலை என்று நம்புகிறேன்.

உயரத்தைப் பற்றி ஒரு சொல். பொறியியல் கையேடுகளில் வெளிக்காற்றின் மொத்த வெப்பம் 47 கிலோஜூலைத் தாண்டினால் எகொனமைசரை நிறுத்துங்கள் என்று ஒரு நிலையான எல்லையைக் காணலாம். அது கடல்மட்ட அழுத்தத்துக்கு உரியது. அழுத்தம் குறைந்த மலையில் அதே வெப்பநிலையும் அதே ஈரப்பதன் வீதமும் கொண்ட காற்றில் ஒரு கிலோவுக்கு அதிக நீராவி இருக்கிறது. ஆகவே எல்லா எண்களும் உயர்ந்துவிடுகின்றன. நமது முதல் நாளின் காற்று 49 கிலோஜூல் கொண்டது. கையேட்டு எல்லை அதைத் தடுத்துவிடும். பன்னிரண்டு கிலோவாற்று மிச்சம் காரணமில்லாமல் போய்விடும். கட்டுப்படுத்தியில் இடத்தின் உயரத்தை அல்லது அழுத்தத்தை எழுதும் கட்டம் ஒன்று இருந்தால், அதில் பூச்சியம் கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் டம்பர் சொன்னபடி கேட்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. பல இடங்களில் அது கேட்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுதியின் மண்டபத்தைப் பார்க்கச் சென்றிருந்தேன். மின்கட்டணம் கூடிவிட்டது என்பது அவர்களின் முறைப்பாடு. இரவு எட்டு மணி. வெளியே 13 பாகை. கணினித் திரையில் வெளிக்காற்று டம்பர் நூறு வீதம் என்று காட்டியது. "டம்பர் ஃபுல்லாத் திறந்துதான் இருக்குது சேர், அதுல ஒரு பிழையும் இல்ல" என்றார் அங்கிருந்த தொழில்நுட்பவியலாளர். அவர் திரையைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் அதே இடத்தில் இருந்திருந்தால் அப்படியே சொல்லியிருப்பேன். ஆனால் திரையின் மறுபக்கத்தில் கலவைக் காற்று 21.5 பாகை என்றும், குளிர்நீர் வால்வு பாதிக்கு மேல் திறந்திருக்கிறது என்றும் இருந்தது. திரும்பு காற்று 24. மேலே சொன்ன வாய்பாட்டைப் போட்டால், இரண்டரையைப் பதினொன்றால் வகுக்க 23 வீதம் வருகிறது. நூறு வீதம் திறந்த டம்பர் வழியாக 23 வீதக் காற்று வர முடியாது. எங்கோ ஒன்று பொய் சொல்கிறது.

கூரைக்கு ஏறிப் பெட்டியின் பக்கத்தில் டோர்ச் அடித்துப் பார்த்தோம். பல டம்பர் அச்சுகளின் நுனியில் தகடு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் காட்டும் ஒரு கோடு வெட்டப்பட்டிருக்கும். மோட்டரின் முள் முழுத் திறப்பில் நின்றது. அச்சின் நுனியிலிருந்த கோடோ ஏறக்குறைய மூடிய நிலையில் நின்றது. மோட்டரை அச்சோடு பிணைக்கும் பிடி இளகி, மோட்டர் மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அச்சைக் கையால் திருப்பி, பிடியின் இரண்டு நட்டுகளையும் இறுக்கியபோது வெளிக்காற்று உள்ளே பாயும் சத்தம் எங்களுக்கே கேட்டது. பதினைந்து நிமிடத்தில் குளிர்நீர் வால்வு தானாக மூடிக்கொண்டது.

அந்தப் பழுது எத்தனை மாதங்களாக இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாமற் போனதற்குக் காரணம் கொயில்தான். டம்பர் செய்யாத வேலையைக் கொயில் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. மண்டபம் எப்போதும் போலக் குளிராகவே இருக்கிறது. விருந்தினர் யாரும் முறைப்பாடு செய்வதில்லை. எகொனமைசரின் பழுதை உடலால் உணர முடியாது. மூன்று வெப்பநிலைகளை வைத்துக் கணக்குப் போட்டால்தான் அது வெளியே வரும். அதனால்தான் அந்த வாய்பாட்டை அத்தனை தடவை பயன்படுத்தியதாகச் சொன்னேன்.

அந்தச் சோதனையைச் செய்வதற்குச் சரியான வேளை அதிகாலை அல்லது இரவு. வெளிக்கும் உள்ளுக்கும் பத்துப் பாகை வித்தியாசம் இருக்கும்போது கலவை உணரியில் அரைப் பாகை தவறு இருந்தாலும் விடையில் ஐந்து வீதம்தான் பிசகும். நண்பகலில் வித்தியாசம் இரண்டு பாகையாகச் சுருங்கியிருக்கும்போது அதே அரைப் பாகை விடையைக் கால் பங்கு புரட்டிவிடும். முதலில் டம்பரைக் குறைந்தபட்சத்துக்கு அனுப்பிப் பத்து நிமிடம் பொறுத்துக் கணக்கிடுங்கள். பிறகு நூறுக்கு அனுப்பிக் கணக்கிடுங்கள். நூறில் நிற்கும்போது கலவை, வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு மிக அருகில் வர வேண்டும். இரண்டு பாகை மேலே நின்றுவிட்டால், திரும்பு காற்று டம்பர் முற்றாக மூடவில்லை என்று பொருள். குறைந்தபட்சத்தில் நிற்கும்போது வரும் விடையையும் சும்மா விடாதீர்கள். டம்பரை 25 வீதம் திறந்தால் 25 வீதக் காற்று வரும் என்று எவரும் உறுதி கூற முடியாது. தகடுகள் சற்றுத் திறந்தாலே காற்றுப் பாய்ந்துவிடும் அமைப்புகள் உண்டு. 25 வீதக் காற்றுக்கு 15 வீதத் திறப்பே போதுமானதாக இருந்தால், கட்டுப்படுத்தியில் எழுத வேண்டியது அந்த 15.

கலவை உணரியும் ஏமாற்றக்கூடியது. இரண்டு காற்றும் கலவை அறையில் நன்றாகக் கலந்துவிடுவதில்லை. கனமான குளிர்காற்று அடியிலும் மிதமான திரும்பு காற்று மேலேயும் இரு படுக்கைகளாக ஓடுவது வழமை. ஒரே புள்ளியில் குத்திவைத்த உணரி எந்தப் படுக்கையில் நிற்கிறதோ அதைத்தான் சொல்லும். இதனாலேயே, பெட்டியின் குறுக்கே பாம்பு போல வளைத்துக் கட்டிய நீண்ட உணரியை வைத்துச் சராசரியை எடுக்கிறார்கள். அப்படியொன்று இல்லையென்றால், ஒரு கையடக்க வெப்பமானியை வடிக்கு முன்னால் மேல், நடு, அடி என்று ஆறேழு இடங்களில் பிடித்து அளந்து சராசரி காணுங்கள். அந்தக் கதவைத் திறக்கும்போதே வடியின் அடிப்பகுதியையும் தொட்டுப் பாருங்கள். மூடுபனியின் நுண்துளிகள் வெளிக்காற்று வாயின் சாய்வுத் தகடுகளைத் தாண்டி உள்ளே வந்து வடியில் தங்கிவிடுவது மலையகத்துக்கே உரிய தொல்லை. வடி ஈரமாக இருந்தால், டம்பர் திறக்கக் கூடாத நாளில் திறந்திருக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு சான்றாகலாம்.

வெளியே வைத்த ஈரப்பதன் உணரியைச் சரிபார்ப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழை ஈரமான பருத்தித் துணியால் சுற்றி, வெளிக்காற்று வாய்க்கு அருகில், நிழலில், காற்று நன்றாகப் பாயும் இடத்தில் ஐந்து நிமிடம் தொங்கவிடுங்கள். அடர்ந்த மூடுபனியில் இரண்டும் ஒன்றாக நிற்க வேண்டும். அப்போது திரையில் 100 வீதத்துக்கு அருகில் ஓர் எண் இருக்க வேண்டும். வெயில் நாளில் 20, 14 என்று அவை பிரிந்து நின்றால், திரை 55 வீதத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். மூடுபனி நாளில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். 100 இலேயே ஒட்டிக்கொண்ட உணரியும் அந்த நாளில் சரியாகத்தான் காட்டும்.